ஆட்குறைப்பு நோட்டீஸ் கையில் வந்தால்: நோட்டீஸைச் சரிபார்ப்பதும் இழப்பீட்டைக் கணக்கிடுவதும்

"ஆர்டர் இல்லை, ஆட்களைக் குறைக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்லும் நாளில் உங்களிடம் இரண்டு காகிதங்கள் நீட்டப்படும். ஒன்று கடிதம், இன்னொன்று கணக்குச் சீட்டு. அந்த இரண்டையும் எப்படிப் படிப்பது, எந்தத் தொகை எப்படி வருகிறது, எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் ஆலையில் வேலை செய்யும் நிரந்தர, தற்காலிக, பதிலித் தொழிலாளர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 21 நவம்பர் 2025. அன்றைக்குத்தான் 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உங்களை நிறுத்தியிருந்தால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். அந்தத் தேதியிலிருந்து நிறுத்தினால் புதிய தொகுப்பு. இழப்பீட்டு விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஊதியம் என்பதன் பொருளும், முன் அனுமதி தேவைப்படும் ஆட்கள் எண்ணிக்கையும், வழக்குப் போடும் கெடுவும் மாறிவிட்டன. கீழே சொல்வது புதிய தொகுப்பின்படி. பழைய சட்டத்தில் வேறாக இருந்தால் அங்கங்கே சொல்கிறேன்.

1. இது ஆட்குறைப்புதானா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது கணக்கில் அல்ல, இந்த இடத்தில்தான். எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "ராஜினாமா மாதிரி எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த கம்பெனியில் பிரச்சனை வராது, செட்டில்மென்டும் சீக்கிரம் முடியும்" என்பார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் ஆட்குறைப்பு என்ற பேச்சே இல்லை. இழப்பீடு இல்லை, நோட்டீஸ் சம்பளம் இல்லை, திரும்ப ஆள் எடுக்கும்போது முன்னுரிமையும் இல்லை. விருப்ப ஓய்வுத் திட்டப் படிவமும் அப்படித்தான். சட்டம் விருப்ப ஓய்வை ஆட்குறைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கவில்லை. விருப்ப ஓய்வில் நிர்வாகம் தருவதாகச் சொல்லும் தொகை, கீழே போடும் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால் அதை ஏற்பது உங்கள் முடிவு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி எடுக்கப்பட்டு, அந்தக் காலம் முடிந்ததால் வெளியே வருவதும் ஆட்குறைப்பு ஆகாது. ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனையாக நீக்குவதும் ஆகாது. மற்றபடி, எந்தக் காரணத்துக்காக முதலாளி உங்கள் வேலையை முடித்தாலும் அது ஆட்குறைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கடிதத்தில் "ஆட்குறைப்பு" என்ற சொல் இல்லாமல் "இனி உங்கள் சேவை தேவையில்லை" என்று எழுதியிருந்தாலும் அப்படியே.

"சூப்பர்வைசர்" என்ற பதவிப் பெயர் உங்களுக்கு இருந்தால் இன்னொரு கேள்வி வரும். மேற்பார்வை வேலை செய்து, மாத ஊதியமும் 18,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் நீங்கள் இந்தச் சட்டத்தின்படி தொழிலாளி அல்ல. ஆனால் பெயர் மட்டும் சூப்பர்வைசர், செய்வது மிஷின் வேலை என்றால் பெயரைப் பார்க்க மாட்டார்கள், வேலையைத்தான் பார்ப்பார்கள். தினமும் எந்த மிஷினில் நின்றீர்கள், யாருக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தது என்பதைக் காட்டும் காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

2. ஓராண்டுத் தொடர் சேவை: 240 நாள் கணக்கு

நோட்டீஸும் இழப்பீடும் கேட்க ஓராண்டுத் தொடர் சேவை வேண்டும். நிறுத்திய தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஓராண்டுச் சேவை என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நிரந்தரமா, தற்காலிகமா என்று இதில் கேட்பதில்லை.

240 என்பது மிஷின் முன் நின்ற நாட்கள் மட்டும் அல்ல. சம்பளத்தோடு வந்த வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, சம்பள விடுப்பு, வேலையில் ஏற்பட்ட காயத்தால் வீட்டிலிருந்த நாட்கள், லே-ஆஃப் நாட்கள், மகப்பேறு விடுப்பு எல்லாம் சேரும். "ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் 215 நாள்தான்" என்று சொல்லி அனுப்புவது வழக்கமான தந்திரம். அந்த ஞாயிறுகளுக்குச் சம்பளம் வந்திருந்தால் அவற்றைக் கழிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்த்துவிட்டது.

240 நாளை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதனால் ஆவணம் முக்கியம். சம்பளச் சீட்டு தராத ஆலையாக இருந்தால் மூன்று இடங்களில் தடம் இருக்கும். ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணில் நுழைந்தால் மாதவாரியாகச் சந்தாவும், எத்தனை நாளுக்குச் சம்பளம் என்ற எண்ணும் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நேரடியான சான்று வேறு கிடைப்பது அரிது, ஏனென்றால் அதை எழுதியது நிர்வாகமே. பி.எஃப். பாஸ்புக்கும் சேவை வரலாறும் சேர்ந்த தேதியைக் காட்டும். வங்கிக் கணக்கு அறிக்கை சம்பளம் விழுந்த மாதங்களைக் காட்டும். ஆலையின் கணினிக்குள் இருக்கும் வருகைப் பதிவை நம்பி இருக்காதீர்கள். வேலை போன மறுநாள் உங்கள் பாஸ்வேர்டும் போய்விடும்.

நடுவில் பத்து நாள், பதினைந்து நாள் நிறுத்தி மறுபடியும் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டியிருந்தால், பி.எஃப். சேவை வரலாற்றில் ஒரே ஆலைக்கு இரண்டு மூன்று உறுப்பினர் எண்கள் தெரியும். அந்த இடைவெளிகள் சேவையைக் குறைக்கவே உண்டாக்கப்பட்டவை என்று வாதிட இடமுண்டு. அந்தப் பக்கத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

3. நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும்

பிரிவு 70-ன்படி மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒன்று, காரணம் சொல்லி ஒரு மாத எழுத்து நோட்டீஸ் தந்து அந்த மாதம் முடிய வேண்டும். அல்லது அந்த ஒரு மாதத்துக்கான ஊதியத்தைத் தர வேண்டும். இரண்டு, ஆட்குறைப்பு நடக்கும் நேரத்தில் இழப்பீடு கொடுக்கப்பட வேண்டும். மூன்று, அரசுக்கோ அரசு குறிப்பிட்ட அதிகாரிக்கோ நோட்டீஸ் போக வேண்டும்.

இதில் இரண்டாவதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். "இழப்பீட்டை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கணக்கில் போடுகிறோம்" என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அந்த ஆட்குறைப்பு சட்டத்தின்படி செல்லாது. பணம் கொடுப்பது முன்நிபந்தனை, பின்னால் செய்யும் சம்பிரதாயம் இல்லை. அதனால் கடிதம் வாங்கிய நாளில் இரண்டு தேதிகளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: வேலை முடியும் தேதி எது, பணம் உங்கள் கணக்கில் ஏறிய தேதி எது. இரண்டாவது பிந்தியிருந்தால் அதுவே உங்கள் பெரிய ஆயுதம். வங்கி அறிக்கையில் அந்த வரியைக் காட்டினால் போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆலையில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். கடந்த 12 மாதங்களில் சராசரியாக வேலை நாளொன்றுக்கு 300 தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் இருந்த ஆலையில், பருவகால ஆலை தவிர, பிரிவு 79 பொருந்தும். அங்கே அரசின் முன் அனுமதி வேண்டும், நோட்டீஸ் மூன்று மாதம். நிர்வாகம் விண்ணப்பித்து 60 நாட்களுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். அதனால் விண்ணப்பத்தின் நகல் கைக்கு வந்த உடனே உங்கள் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். "அரசு விசாரிக்கும்" என்று காத்திருந்தால் 60 நாள் ஓடிவிடும். அனுமதியே இல்லாமல் ஆட்குறைப்பு செய்திருந்தால் அது சட்டவிரோதம், நோட்டீஸே தராததைப் போல எல்லாப் பலன்களும் உங்களுக்கு உண்டு. பழைய சட்டத்தில் இந்த எல்லை 100 பேர். 2025 நவம்பர் 21-க்கு முந்தைய ஆட்குறைப்பு என்றால் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்து, யாரை நிறுத்தினார்கள் என்று பாருங்கள். பிரிவு 71 சொல்வது, உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். வேறு ஒருவரை நிறுத்தினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எனவே நோட்டீஸுடன் சேர்த்துப் பணிமூப்புப் பட்டியலைக் கேளுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால், உங்கள் பெயரும் உங்களுக்குக் கீழே இருக்கும் பெயர்களும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைவிடப் பின்னால் சேர்ந்தவர் அதே வேலையில் தொடர்ந்தால், இழப்பீட்டுக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆட்குறைப்பைக் கேள்வி கேட்கலாம்.

4. இழப்பீட்டுக் கணக்கு

சூத்திரம் சின்னது:

```
இழப்பீடு = (சராசரி மாத ஊதியம் ÷ 30) × 15 × சேவை ஆண்டுகள்
```

அதாவது ஆண்டுக்கு அரை மாத ஊதியம். இதில் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு குழி இருக்கிறது.

சேவை ஆண்டுகள்: முடிந்த ஆண்டுகளை எண்ணுங்கள். மிச்சம் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு ஆண்டு. 11 வருடம் 7 மாதம் என்றால் 12. 11 வருடம் 5 மாதம் என்றால் 11. வேலை முடியும் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளி, ஆறு மாத எல்லையைத் தாண்ட விடாமல் நிறுத்துவதும் உண்டு. எல்லையில் நிற்பவர்கள் நாளை எண்ணிப் பாருங்கள்.

சராசரி ஊதியம்: மாதச் சம்பளக்காரர்களுக்கு, தொகை கொடுக்க வேண்டிய தேதிக்கு முந்தைய மூன்று முழுக் காலண்டர் மாதங்களின் சராசரி. வாரச் சம்பளத்துக்கு நான்கு முழு வாரம், தினக்கூலிக்கு 12 முழு வேலை நாட்கள். ஜனவரி 31-ல் நிறுத்தினால் ஜனவரி அந்த மூன்றில் சேராது. அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான்.

ஊதியம் எது: பெரிய சண்டை இங்கேதான் நடக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் நிச்சயம் ஊதியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், போனஸ், நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு ஆகியவை ஊதியத்தில் சேராத பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சேராத பட்டியல் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். இது புதிய தொகுப்பின் விதி. பழைய சட்டத்தில் ஊதியத்தின் விளக்கம் வேறு, பல படிகள் அதற்குள் வந்தன. பழைய சட்டப்படியான வழக்கு என்றால் வாடகைப்படியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாதி விதியை ஒரு சின்ன உதாரணத்தில் பாருங்கள். மொத்தம் 24,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000, வாடகைப்படி 10,000, போக்குவரத்துப்படி 5,000. சேராதவை 15,000. பாதி 12,000. தாண்டியது 3,000. அப்படியானால் ஊதியம் 9,000 அல்ல, 12,000. நிர்வாகத்தின் பி.எஃப். பங்கை இந்த உதாரணத்தில் எடுக்கவில்லை; அதையும் எடுத்தால் தொகை இன்னும் கொஞ்சம் கூடும். சம்பளச் சீட்டில் படிகளை ஊதிப் பெருக்கி அடிப்படையை ஒடுக்கியிருக்கும் ஆலைகளில் இந்த ஒரு வரி இழப்பீட்டை மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிடும்.

30-ஆல் வகுப்பதா, 26-ஆல் வகுப்பதா: பணிக்கொடையில் மாத ஊதியத்தை 26-ஆல் வகுப்பார்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டில் அது பொருந்தாது, மாத ஊதியத்தில் பாதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது. தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில்கூட 26 போட்டுக் கணக்குக் காட்டுகிறார்கள். அதை நம்பி மனுவில் எழுதினால், உங்கள் மற்றக் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும். அதனால் இதில் கவனமாக இருங்கள்.

5. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

140 பேர் வேலை செய்யும் பம்ப் ஆலை ஒன்றில் டர்னர் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தது 9 ஜூன் 2014. 31 ஜனவரி 2026 அன்று, நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாத ஊதியம் தந்து, உடனடியாக நிறுத்துகிறார்கள். 140 பேர் என்பதால் முன் அனுமதி தேவையில்லை. சேவை 11 ஆண்டு, 7 மாதம், 22 நாட்கள். எனவே 12 ஆண்டு.

சம்பளச் சீட்டில் அடிப்படை 11,000. பஞ்சப்படி அக்டோபரிலும் நவம்பரிலும் 7,000, டிசம்பரில் 7,600 ஆக உயர்ந்தது. வாடகைப்படி 5,000, போக்குவரத்துப்படி 2,000. படிகள் 7,000; மொத்தத்தில் பாதியைத் தாண்டவில்லை, எனவே ஊதியம் என்பது அடிப்படையும் பஞ்சப்படியும்தான்.

அக்டோபர் 18,000, நவம்பர் 18,000, டிசம்பர் 18,600. கூட்டினால் 54,600, மூன்றால் வகுத்தால் சராசரி 18,200. அதில் பாதி 9,100. அதை 12-ஆல் பெருக்கினால் இழப்பீடு 1,09,200 ரூபாய்.

நோட்டீஸுக்குப் பதிலான ஊதியம் தனி: ஜனவரியில் இருந்த ஊதியத்தின்படி 18,600.

பணிக்கொடையும் தனி. ஐந்து ஆண்டுக்கு மேல் சேவை உள்ளதால் 18,600 × 15 ÷ 26 × 12 = 1,28,769. இந்த மூன்றும் சேர்ந்து 2,56,569 ரூபாய். இதற்கு மேல் ஜனவரி மாதச் சம்பளமும், மீதமுள்ள சம்பள விடுப்புக்கான தொகையும், தர வேண்டிய போனஸும் வர வேண்டும். பி.எஃப். உங்கள் சொந்தச் சேமிப்பு. அதை இந்தக் கணக்கில் காட்டி "இவ்வளவு தருகிறோமே" என்று யாராவது சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இதே ஆளுக்கு நிர்வாகம் தரும் கணக்குச் சீட்டில் வழக்கமாக எப்படி இருக்கும் என்றால், அடிப்படை 11,000 மட்டும் எடுத்து, பாதி 5,500, ஆண்டு 11, ஆக 60,500. பஞ்சப்படியையும் ஏழரை மாதத்தையும் விட்டுவிட்டதில் குறைந்துபோன தொகை 48,700 ரூபாய். சீட்டில் இறுதித் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது, ஏனென்றால் பணிக்கொடை, விடுப்புத் தொகை, சம்பளம் எல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக வந்திருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் தனித் தொகை, ஊதியம் எவ்வளவு எடுத்தார்கள், ஆண்டு எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், கேட்டதற்கான மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கட்டும்.

இன்னொரு தொகை ஆலை கையில் தராது. பிரிவு 83-ன்படி மறுதிறன் நிதி ஒன்று உண்டு; அதிலிருந்து கடைசியாக வாங்கிய 15 நாள் ஊதியம், ஆட்குறைப்பு நடந்த 45 நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். நம் உதாரணத்தில் அது 9,300. இது இழப்பீட்டுக்குப் பதிலாக வருவது அல்ல, அதற்கு மேல் வருவது. வங்கிக் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் நிர்வாகத்திடம் சரியாக இருக்கிறதா என்று வெளியே வருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி கணக்கிட்ட ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஐந்து லட்சம் வரை வரி இல்லை. கடிதத்தில் "ஆட்குறைப்பு இழப்பீடு" என்று தனியாக எழுதாமல் "கருணைத் தொகை" என்று போட்டுவிட்டால் இந்த விலக்குக் கேட்பது சிக்கலாகும்.

6. எதில் கையெழுத்து, எப்படி

பணத்தை வாங்கினால் வழக்குப் போடும் உரிமை போய்விடும் என்ற பயத்தில் சிலர் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ரசீதில் உங்கள் கையெழுத்துக்கு மேல் உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: "இந்தத் தொகையை ஆட்குறைப்பையும் கணக்கையும் ஏற்காமல், என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்." தேதியும் போடுங்கள். நகல் தர மாட்டோம் என்றால் கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள்; படம் எடுக்கவும் விடவில்லை என்றால் அன்றைக்கே அதை விவரித்து நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். பதிவு அஞ்சல் இப்போது தனியாக இல்லை, விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சலகத்தில் பட்டுவாடாச் சான்றுடன் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

"என் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன, இனி எந்த வழக்கும் போடமாட்டேன்" என்ற வரி உள்ள காகிதத்தில் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். அது பின்னால் உங்களுக்கு எதிராக முதல் ஆவணமாக வந்து நிற்கும். வெற்றுத்தாளிலும், ஸ்டாம்பு ஒட்டிய வெற்று வவுச்சரிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கொடுக்க வேண்டிய கெடுக்களையும் நினைவில் வையுங்கள். நின்ற நாள் வரைக்குமான சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள். பணிக்கொடை 30 நாட்களுக்குள். இழப்பீடு அன்றைக்கே.

ஈ.எஸ்.ஐ. விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆலை உங்களை ஈ.எஸ்.ஐ. பதிவில் நீக்கும்போது காரணம் என்ற இடத்தில் "வேலையை விட்டார்" என்று போடலாம், "ஆட்குறைப்பு" என்றும் போடலாம். இரண்டும் தனித் தெரிவுகள். வேலை இழந்தோருக்கான ஈ.எஸ்.ஐ. உதவித்தொகைத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காரணத்தைப் பார்ப்பார்கள். ஆட்குறைப்புக் கடிதத்தின் நகலோடு உங்கள் கிளை அலுவலகத்துக்குப் போய், பதிவில் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தவறாக இருந்தால் நிர்வாகத்தைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

7. கணக்கு தவறென்றால் எங்கே போவது

முதல் கடிதம் நிர்வாகத்துக்கு. மேலே போட்ட மாதிரிக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, குறையும் தொகையைக் கேட்டு, ஏழு நாள் கெடு கொடுங்கள். பல ஆலைகள் இந்த இடத்திலேயே பஞ்சப்படியைச் சேர்த்துத் தந்துவிடும், ஏனென்றால் பணம் குறைந்ததே ஆட்குறைப்பைச் செல்லாததாக்கும் என்பது அவர்கள் ஆலோசகருக்குத் தெரியும்.

அது நடக்காவிட்டால் உங்கள் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மனுவோடு நியமனக் கடிதம் இருந்தால் அது, ஆட்குறைப்புக் கடிதம், கடைசி நான்கு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, ஈ.எஸ்.ஐ. சந்தா விவரம், பி.எஃப். சேவை வரலாறு, நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதமும் அஞ்சல் ரசீதும் வையுங்கள். மூன்று செட் நகல். ஒரு செட்டில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான் அடுத்த கெடு ஓடும்.

சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாட்கள் முடிந்துவிட்டால், பேச்சு முடிந்ததோ இல்லையோ, நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வெளிக்கெடு, ஆட்குறைப்பு நடந்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டு. பழைய சட்டத்தில் இது மூன்று ஆண்டு. "மூன்று வருஷம் இருக்கிறது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பலர், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சமரசக் கூட்டம் ஆறாம் முறை, ஏழாம் முறை என்று தள்ளிப் போனாலும் இந்த இரண்டு ஆண்டு நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். வேலை திரும்ப வேண்டுமா, குறைத்துத் தந்த மிச்சப் பணம் மட்டும் வேண்டுமா? வேலை வேண்டும் என்றால் ஆட்குறைப்பே செல்லாது என்று தகராறு எழுப்ப வேண்டும்; நோட்டீஸ் குறை, தேதி பிந்திய பணம், மூப்பு மீறல் எல்லாம் அதில் வரும். பணம் மட்டும் போதும், அதுவும் நிர்வாகமே ஒப்புக்கொண்ட தொகை என்றால் வசூல் மனு எளிது. ஆனால் அதற்குக் கெடு ஓராண்டுதான். நிர்வாகம் மறுக்கும் தொகைக்கு வசூல் மனு போட்டால் "இது தகராறு, வசூல் அல்ல" என்று தள்ளப்படும். அதில் ஒரு வருடம் வீணாகக் கழிந்தவர்கள் உண்டு.

சட்டக்குறை நிரூபணமானாலும் வேலை திரும்பக் கிடைத்தே தீரும் என்று எண்ண வேண்டாம். குறைந்த சேவை உள்ள தினக்கூலியாளர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வேலைக்குப் பதில் ஒரு மொத்தத் தொகை தந்தே பலமுறை முடித்திருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு சேவையும் தெளிவான மூப்பு மீறலும் இருந்தால் நிலைமை வேறு.

8. வெளியே வந்த பிறகு ஓராண்டு

பிரிவு 72-ன்படி, ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள் அதே ஆலை ஆள் எடுத்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும், மற்றவர்களைவிட உங்களுக்கு முன்னுரிமை உண்டு. கூப்பிடுவதற்கு அவர்களிடம் உங்கள் முகவரி இருக்க வேண்டும். ஊர் மாறினால், புது முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுத்தில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "தகவல் அனுப்பினோம், ஆள் வரவில்லை" என்ற பதிலுக்கு இடம் தராதீர்கள். உள்ளே இருக்கும் பழைய நண்பர்களிடம் யார் புதிதாகச் சேர்ந்தார்கள், எந்தத் தேதியில், எந்த மிஷினில் என்று மாதம் ஒருமுறை கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒப்பந்தக்காரர் பெயரில் ஆட்களை அதே மிஷினில் நிறுத்தியிருந்தாலும் எழுதுங்கள். "ஆர்டர் இல்லை" என்ற காரணம் உண்மையா என்று தீர்ப்பாயத்தில் கேட்கும்போது, தேதியோடு எழுதிய அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்த மாத வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது என்று உங்கள் வக்கீலுக்குத் தெரியும்.